பட்டியல் ஒன்று, பாட்டில் வேறு: மலிவு வைட்டமின் சி சீரமும் விலை உயர்ந்த சீரமும்

கேள்வி: அக்கா, பாரிஸிலிருந்து வந்த அத்தை ஸ்கின்சூட்டிகல்ஸ் சி ஈ ஃபெருலிக் சீரம் ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். விலை பத்தாயிரத்துக்கு மேல் என்கிறார்கள். அது தீர்ந்ததும் ஆன்லைனில் 700 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். பின்னால் இருக்கும் பொருள் பட்டியல் கிட்டத்தட்ட அச்சு அசல் அதேதான். ஆனால் அத்தை கொடுத்தது முகத்தில் லேசாகச் சுரீரென்றது, இது ஒன்றும் செய்யவில்லை. வந்தபோதே தேன் நிறத்தில் இருந்தது. இரண்டும் ஒரே வேலை செய்யுமா? (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்:

விலையை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, பட்டியலை வைத்தும் முடியாது. வைட்டமின் சி சீரத்தைப் பொறுத்தவரை வேலையை முடிவு செய்வது மூன்று விஷயங்கள்: உள்ளே எவ்வளவு வைட்டமின் சி போட்டார்கள், கரைசல் எவ்வளவு அமிலமானது என்று காட்டும் பிஎச் எண் என்ன, நீங்கள் முகத்தில் தடவும் அன்று அதில் எவ்வளவு கெடாமல் மிச்சம் இருக்கிறது. மூன்றுமே பட்டியலில் இருக்காது. நீங்கள் சொன்ன இரண்டு அடையாளங்களையும் (சுரீரென்று இல்லாதது, வந்தபோதே தேன் நிறம்) சேர்த்துப் பார்த்தால், உங்கள் 700 ரூபாய் பாட்டில் அதே வேலையைச் செய்யாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதை ஊகமாக விட வேண்டியதில்லை. வீட்டிலேயே அளந்து பார்க்கலாம், வழியைக் கீழே சொல்கிறேன்.

சேதராப்பட்டு பக்கம், பல பிராண்டுகளுக்குச் சீரமும் கிரீமும் செய்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் நான். விலை உயர்ந்த பெட்டியின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து "இதே லிஸ்ட் வேணும், இவ்வளவு ரூபாய்க்குள்ள முடியணும்" என்று கேட்பவர்கள் அங்கே சாதாரணம். எனவே ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு எத்தனை விதமான சீரம் செய்யலாம் என்பது பழகிய விஷயம்.

முதலில் பட்டியல் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் காஸ்மெட்டிக்ஸ் விதிகள் 2020 சொல்வது இது: ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருட்களை அதிகத்திலிருந்து குறைவுக்கு வரிசையாக எழுத வேண்டும். ஒரு சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருப்பவற்றை அவற்றுக்குப் பின்னால் எந்த வரிசையிலும் எழுதலாம். சதவீதத்தை எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடைமுறை ஏறக்குறைய இதுதான்.

இப்போது அத்தை கொடுத்த பாட்டிலின் பட்டியலை இந்தக் கண்ணோடு படியுங்கள். தண்ணீர், எத்தாக்ஸிடைக்ளைகால், அஸ்கார்பிக் அமிலம், கிளிசரின், புரோப்பிலீன் கிளைகால், லாரெத்-23, ஃபீனாக்ஸிஎத்தனால், டோகோஃபெரால், ட்ரைஎத்தனோலமைன், ஃபெருலிக் அமிலம், பாந்தெனால், சோடியம் ஹயலுரோனேட். அஸ்கார்பிக் அமிலம்தான் அசல் வைட்டமின் சி, டோகோஃபெரால் வைட்டமின் ஈ. மூன்றாம் இடத்தில் இருக்கும் அஸ்கார்பிக் அமிலம் அந்த பாட்டிலில் 15 சதவீதம். கம்பெனியே அதை வெளியில் சொல்கிறது, வைட்டமின் ஈ 1 சதவீதம், ஃபெருலிக் 0.5 சதவீதம் என்பதையும் சேர்த்து.

உங்கள் மலிவு பாட்டிலிலும் அது மூன்றாம் இடத்தில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அர்த்தம், இரண்டாம் இடத்தில் இருப்பதை விட அதிகம் இல்லை, நான்காம் இடத்தில் இருப்பதை விடக் குறைவில்லை என்பது மட்டும்தான். கிளிசரினை 4 சதவீதம் போட்டு, அஸ்கார்பிக் அமிலத்தை 5 சதவீதம் போட்டாலும் வரிசை இதேதான். 15 போட்டாலும் இதேதான். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு எழுத்துகூட மாறாது.

பட்டியலில் உறுதியாகப் பிடிக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஃபீனாக்ஸிஎத்தனால் என்பது கெட்டுப்போகாமல் காக்கும் பொருள், அதற்கு உச்ச வரம்பு 1 சதவீதம். ஆகவே ஒரு பொருள் ஃபீனாக்ஸிஎத்தனாலுக்குப் பின்னால் எழுதப்பட்டிருந்தால், அது 1 சதவீதத்துக்கு மேல் இருக்க வழியில்லை. முன்பக்கம் பெரிய எழுத்தில் வைட்டமின் சி என்று போட்டுவிட்டு, பின்பக்கம் அஸ்கார்பிக் அமிலத்தை ஃபீனாக்ஸிஎத்தனாலுக்குப் பிறகு எழுதியிருக்கும் பாட்டில்களைப் பார்த்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். அதேபோல பெயரையும் கவனியுங்கள். எத்தில் அஸ்கார்பிக் அமிலம், அஸ்கார்பில் குளுக்கோசைடு, சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் இவையெல்லாம் வைட்டமின் சியின் மாற்று வடிவங்கள். கெட்டுப்போகாமல் நிற்பதில் கெட்டிக்காரர்கள். ஆனால் அசல் அஸ்கார்பிக் அமிலத்துக்கு நடந்த ஆய்வுகளின் முடிவை இவற்றுக்கு அப்படியே பொருத்த முடியாது.

சரி, அந்த 15, 1, 0.5 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவராக இருந்த ஷெல்டன் பின்னெல் என்பவரின் வேலை அது. 2001 இல் அவர் குழு பன்றித் தோலில் அஸ்கார்பிக் அமிலத்தைத் தடவி, உள்ளே எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தது. கரைசலின் பிஎச் 3.5க்குக் கீழே இருந்தால்தான் அது தோலுக்குள் சரியாக இறங்குகிறது, 20 சதவீதத்துக்கு மேல் போட்டால் கூடுதல் பயன் இல்லை என்று தெரிந்தது. தோலுக்குள் போனபின் அது பாதியாகக் குறைய ஏறத்தாழ நான்கு நாள் ஆகிறது என்றும் கண்டார்கள். பிறகு 2005 இல், 15 சதவீத வைட்டமின் சியும் 1 சதவீத வைட்டமின் ஈயும் உள்ள கரைசலில் 0.5 சதவீத ஃபெருலிக் அமிலத்தைச் சேர்த்தால் கரைசல் கெடுவது குறைகிறது, வெயிலின் பாதிப்பிலிருந்து தோலுக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் சுமார் நான்கு மடங்கிலிருந்து எட்டு மடங்காகிறது என்று வெளியிட்டார்கள். இதுவும் பன்றித் தோல்தான். பின்னெல் அந்த பிராண்டைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஆய்வு பொய் என்று நான் சொல்லவில்லை, ஆய்வு செய்தவருக்கும் விற்றவருக்கும் தொடர்பு இருந்தது என்பது உண்மை.

இந்தக் கலவைக்கு அமெரிக்காவில் பேடண்ட் இருந்தது. 2025 இல் அது காலாவதியானது. அதுவரை அந்த நாட்டில் போட்டியாளர்கள் ஃபெருலிக்கையோ பிஎச்சையோ ஏதாவது ஒன்றை மாற்றித்தான் செய்ய வேண்டியிருந்தது. இப்போது அந்தத் தடை இல்லை என்பதால் அச்சு அசல் பட்டியல்கள் இன்னும் அதிகமாகக் கண்ணில் படும்.

பிஎச் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், உங்கள் சுரீர் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அஸ்கார்பிக் அமிலம் தண்ணீரில் இரண்டு நிலையில் இருக்கும். ஒன்று மின்னூட்டம் இல்லாத நிலை, இன்னொன்று மின்னூட்டம் உள்ள நிலை. தோலின் மேலடுக்கு கொழுப்பு நிறைந்தது, மின்னூட்டம் உள்ளதை எளிதில் உள்ளே விடாது. பிஎச் 3.2 இல் பத்தில் ஒன்பது பங்கு மின்னூட்டம் இல்லாமல் இருக்கும். 4.2 இல் பாதிக்குப் பாதி. 5.2க்குப் போனால் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதாவது ஒரே 15 சதவீதத்தைப் போட்டு, பிஎச்சை மட்டும் 5க்கு ஏற்றிவிட்டால், பாட்டிலில் இருக்கும் வைட்டமின் சியில் பெரும்பகுதி தோலின் வாசலிலேயே நின்றுவிடும்.

பிஎச்சை ஏற்றுவது எப்படி? பட்டியலில் இருக்கும் ட்ரைஎத்தனோலமைன் அதற்குத்தான். அசல் பாட்டிலிலும் அது இருக்கிறது. அசலைப் போலவே செய்த பாட்டிலில் அதையே கொஞ்சம் தாராளமாக ஊற்றினால் பிஎச் ஏறிவிடும், பட்டியலில் ஒரு மாற்றமும் தெரியாது. ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்றால், காரணம் பெரும்பாலும் புகார்தான். பிஎச் 3 பக்கம் இருக்கும் 15 சதவீத அமிலம் பலருக்கும் முதல் சில நாள் சுரீரென்று இருக்கும், சிலருக்குச் சிவக்கும். ஆன்லைனில் "முகம் எரிகிறது" என்று பத்துப் பேர் ஒரு ஸ்டார் போட்டால் பிராண்டு படுத்துவிடும். அதனால் "எரியக் கூடாது" என்பதையே முதல் நிபந்தனையாக வைப்பார்கள். எரியாமல் செய்ய சுலபமான வழி அளவைக் குறைப்பது, பிஎச்சை ஏற்றுவது, அல்லது இரண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அளவைக் குறைப்பது காசை மிச்சப்படுத்த இல்லை. 30 மில்லி பாட்டிலில் 15 சதவீதம் என்றால் 4.5 கிராம் அஸ்கார்பிக் அமிலம். மொத்தமாக வாங்கினால் இது கிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள், 4.5 கிராமுக்கு ஆகும் செலவு சில ரூபாய்தான். ஃபெருலிக் அமிலமும் எத்தாக்ஸிடைக்ளைகாலும் இதைவிட விலை கூடியவை, ஆனாலும் ஒரு பாட்டிலுக்குள் போகும் அளவுக்கு ஆயிரக்கணக்கில் ஆகாது. எனவே 700 ரூபாய்க்கு நல்ல சீரம் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முடியும். செய்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

செய்முறையில் எங்கே கோட்டை விடுவார்கள் என்றால், கரைப்பதிலும் காற்றிலும்தான். ஃபெருலிக் அமிலம் குளிர்ந்த தண்ணீரில் கரைய மறுக்கும். அதை முதலில் எத்தாக்ஸிடைக்ளைகாலில் கரைத்துக்கொண்டு, பிறகுதான் தண்ணீர்ப் பகுதியோடு சேர்க்க வேண்டும். வைட்டமின் ஈ எண்ணெய், அது தண்ணீரோடு சேர லாரெத்-23 வேண்டும். அவசரத்தில் செய்தாலோ, கரைப்பானைக் குறைத்தாலோ, சில வாரத்தில் பாட்டிலின் அடியில் மெல்லிய ஊசி போன்ற படிகங்கள் இறங்கும், அல்லது மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும். ஃபிரிட்ஜில் வைத்த பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தெரியும். படிகமாக அடியில் கிடக்கும் ஃபெருலிக் வைட்டமின் சியைக் காப்பாற்றாது.

காற்று விஷயம் இன்னும் பெரிது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன், மிகச் சிறிய அளவு இரும்பு, செம்பு இவை போதும் அஸ்கார்பிக் அமிலத்தைச் சிதைக்க. நன்றாகச் செய்கிறவர்கள் சுத்திகரித்த தண்ணீரில் நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி ஆக்ஸிஜனை வெளியேற்றிவிட்டுத்தான் கலக்க ஆரம்பிப்பார்கள். பாட்டிலை நிரப்பும்போதும் மேலே இருக்கும் காலியிடத்தில் நைட்ரஜனை நிரப்பி மூடுவார்கள். இதற்கு நேரமும் ஆளும் வேண்டும், அதனால் விலை ஒடுக்கும்போது முதலில் வெட்டப்படுவது இதுதான். பட்டியலில் நைட்ரஜன் வராது, வெட்டியதும் தெரியாது.

இனி நம் ஊர் வெப்பத்துக்கு வருவோம். அஸ்கார்பிக் அமிலம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து முதலில் டீஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாகிறது. இந்தக் கட்டத்தில் திரும்பி வர வழி இருக்கிறது. அடுத்து தண்ணீரோடு வினைபுரிந்து உடைந்துவிட்டால் திரும்பி வராது. உடைந்த துண்டுகள் மேலும் வினைபுரிந்து மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு என்று நிறம் ஏறும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இப்படிப்பட்ட வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது ஆய்வகங்களில் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. பாரிஸில் 20 டிகிரி அறையில் மூன்று மாதம் தாங்கும் பாட்டில், மே மாதம் புதுச்சேரியில் 35 டிகிரிக்கு மேல் கொதிக்கும் மாடி அறையில் அவ்வளவு நாள் தாங்காது. கூரியர் வண்டியிலும் வெயில் படும் குடோனிலும் கிடந்த நாட்களை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது விலை உயர்ந்த பாட்டிலுக்கும் பொருந்தும், தயவுசெய்து இதை மறக்காதீர்கள். நம் ஊரில் பிரான்ஸிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தது என்று பீரோவில் பத்திரமாக வைத்து, கல்யாணத்துக்கு முந்தின வாரம் திறப்பார்கள். அப்போது அது பழுப்பாகி இருக்கும். அந்தப் பாட்டிலை விட, போன மாதம் செய்து நேராக வந்த நல்ல மலிவு பாட்டில் எத்தனையோ மேல்.

நிறத்தை எப்படிப் படிப்பது? புதிதாகச் செய்த 15 சதவீத கரைசல் நிறமற்றோ, வெளிர் வைக்கோல் நிறத்திலோ இருக்கும். ஃபெருலிக் இருப்பதால் லேசான மஞ்சள் வருவது இயல்பு. தேன் நிறம் என்றால் சிதைவு நன்றாகவே தொடங்கிவிட்டது. பழுப்பு என்றால் தூக்கிப் போட வேண்டியதுதான், அது முகத்திலும் தலையணை உறையிலும் கறை பிடிக்கும். சிதைவில் உருவாகும் பொருட்களில் ஒன்றான எரித்ருலோஸ் தோலைச் செயற்கையாகப் பழுப்பாக்கும் தன்மை உள்ளது. "வைட்டமின் சி போட்டால் முகம் கறுக்கிறது" என்று சிலர் சொல்வதற்குப் பின்னால் இதுவும் இருக்கலாம். ஆனால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. ஆரஞ்சுப் பழச் சாறு, கேரமல் நிறம் என்று எதையாவது சேர்த்து, கெடும்போது வரும் நிறத்தை ஆரம்பத்திலேயே கொடுத்துவிடும் தயாரிப்புகளும் உண்டு. பட்டியலில் அப்படி ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

அதனால்தான் அளந்து பார்ப்பது நல்லது என்கிறேன். பள்ளி வேதியியலில் செய்த அயோடின் சோதனைதான். அயோடின் வைட்டமின் சியோடு சேரும்போது நிறம் இழக்கும், வைட்டமின் சி தீர்ந்ததும் மிஞ்சிய அயோடின் கஞ்சியோடு சேர்ந்து கருநீலமாகும். கெட்டுப்போன வைட்டமின் சி அயோடினைத் தொடாது என்பதால், பாட்டிலில் மிச்சம் இருக்கும் நல்ல பங்கைத்தான் இது காட்டும்.

தேவையானவை எல்லாம் மெடிக்கல் கடையிலும் சமையலறையிலும் இருக்கின்றன: புண்ணுக்குப் போடும் 5 சதவீத போவிடோன் அயோடின் கரைசல், 500 மில்லிகிராம் வைட்டமின் சி சப்பி மாத்திரை ஒன்று, ஊசி இல்லாத சிரிஞ்சுகள் (5 மில்லி ஒன்று, 1 மில்லி ஒன்று), வடித்த கஞ்சித் தண்ணீர் தெளிவாக ஆறவைத்தது, ஆர்ஓ தண்ணீர். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் இருக்கும் குளோரின் வைட்டமின் சியைத் தின்றுவிடும்.

முதலில் மாத்திரை. அதைப் பொடித்து 500 மில்லி ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். மில்லிக்கு 1 மில்லிகிராம் என்று கணக்கு. அதிலிருந்து 15 மில்லியை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து, ஒரு டீஸ்பூன் கஞ்சித் தண்ணீர் விட்டு, சிரிஞ்சில் எடுத்த போவிடோன் அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். கருநீலம் வந்து அரை நிமிடம் போகாமல் நின்றால் நிறுத்திவிட்டு, எத்தனை மில்லி செலவானது என்று எழுதிக்கொள்ளுங்கள். கரைசல் லேபிளில் போட்டபடி இருந்தால் சுமார் 4.3 மில்லி வரும். உங்கள் அயோடின் பழையதாக இருந்தால் கூடுதலாகப் போகும். அதனால்தான் மாத்திரையை முதலில் செய்கிறோம், அதில் வரும் எண்தான் நமக்கு அளவுகோல்.

அடுத்து சீரம். 1 மில்லி சீரத்தை எடுத்து, மொத்தம் 100 மில்லி வரும்படி ஆர்ஓ தண்ணீர் சேர்த்துக் கலக்குங்கள். அதில் 10 மில்லியை எடுத்து இதே சோதனையை உடனே செய்யுங்கள், நீர்த்த கரைசலை வைத்திருந்தால் கெடும். சீரத்தில் உண்மையில் 15 சதவீதம் இருந்தால், இந்த 10 மில்லியில் இருப்பதும் மாத்திரைக் கரைசலின் 15 மில்லியில் இருந்ததும் ஒரே அளவு, 15 மில்லிகிராம். ஆகவே இரண்டுக்கும் ஒரே அளவு அயோடின் செலவாக வேண்டும்.

ஒரு உதாரணக் கணக்கு: மாத்திரைக்கு 4.4 மில்லி ஆனது, சீரத்துக்கு 2.2 மில்லியிலேயே கருநீலம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.2ஐ 4.4ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 7.5. உங்கள் பாட்டிலில் இன்று உயிரோடு இருப்பது 7.5 சதவீதம். ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்து, எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். அரை மில்லிக்கு மேல் வித்தியாசம் வந்தால் சொட்டு விடுவதில் அவசரப்பட்டிருப்பீர்கள்.

ஆரம்பத்திலேயே குறைவாகப் போட்டார்களா, வந்த வழியில் கெட்டதா என்று இந்தச் சோதனை ஒருமுறை செய்தால் சொல்லாது. அதற்கு நிறத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும். வெளிர் நிறமாகவும் இருந்து அளவும் குறைவாக வந்தால், போட்டதே குறைவு என்று அர்த்தம். தேன் நிறமாக இருந்து அளவு குறைந்தால், பெரும்பாலும் கெட்டது. அதே பாட்டிலை ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்தால், எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதும் தெரிந்துவிடும். பிராண்டுகளை ஒப்பிட இதைவிட நேர்மையான வழி வீட்டில் இல்லை.

சோதனைக்கு எல்லைகள் உண்டு. சீரத்தில் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போன்ற சல்ஃபைட் இருந்தால் அதுவும் அயோடினைத் தின்னும், எண் உயர்ந்து தெரியும். மாற்று வடிவ வைட்டமின் சிக்கு இது வேலை செய்யாது. பிஎச்சையும் இது காட்டாது. அதற்கு கல்லூரி ஆய்வகங்களுக்குப் பொருள் விற்கும் கடைகளில் குறுகிய வீச்சு பிஎச் தாள் கேளுங்கள், 2.5 முதல் 4.5 வரை காட்டுவது போன்றது. 1 முதல் 14 வரை காட்டும் தாளில் 3.2க்கும் 4.2க்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. சீரம் ஆழ்ந்த நிறமாக இருந்தால் தாளின் நிறத்தையும் குழப்பும், அப்போது தாளை நம்ப வேண்டாம்.

சுரீர் இல்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல நான் தயங்குவேன். சிலருடைய தோல் நல்ல சீரத்துக்கும் சும்மா இருக்கும், சில நாளில் பழகியும் போகும். உங்கள் விஷயத்தில் அத்தை கொடுத்தது சுரீரென்றது, அதே முகத்தில் இது ஒன்றும் செய்யவில்லை. அதனால் பிஎச் உயர்வாகவோ, அமிலம் குறைவாகவோ இருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானது.

அளந்து பார்த்து 12 சதவீதத்துக்கு மேல், பிஎச் 3.5 அல்லது அதற்குக் கீழ் என்று வந்தால், 700 ரூபாய் பாட்டிலைத் தாராளமாகப் போடுங்கள். அந்த நிலையில் விலை உயர்ந்ததற்கும் இதற்கும் முகத்தில் நீங்கள் பார்க்கக்கூடிய வித்தியாசம் இருக்கும் என்று நான் நம்பவில்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: விலை உயர்ந்ததில் அந்தக் கலவையையே வைத்து ஆய்வு நடந்திருக்கிறது, மற்றதில் நாமாகப் பொருத்திப் பார்க்கிறோம். 7, 8 சதவீதம் என்று வந்தால் வீண் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டும் ஒன்று என்றும் சொல்ல முடியாது. 4, 5க்குக் கீழே, தேன் நிறத்தோடு வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது பட்டியலை விடத் தயாரித்த தேதியைத் தேடுங்கள். மூன்று மாதத்துக்குள் செய்ததாக இருந்தால் நல்லது. 30 மில்லிக்குப் பதில் 10 அல்லது 15 மில்லி கிடைத்தால் அதையே எடுங்கள். ஒவ்வொரு முறை டிராப்பரைத் திறக்கும்போதும் புதுக் காற்று உள்ளே போகிறது, சிறிய பாட்டில் கெடுவதற்குள் தீர்ந்துவிடும். சதவீதத்தையும் பிஎச்சையும் தாங்களே எழுதும் பிராண்டுக்கு முன்னுரிமை கொடுங்கள், எழுதாவிட்டால் மெயில் அனுப்பிக் கேளுங்கள். வந்தவுடன் ஃபிரிட்ஜ் கதவில் வைக்காமல் உள் தட்டில் வையுங்கள், கதவில் வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். புதிய பாட்டில் எதுவானாலும் முதலில் முழங்கை மடிப்பில் இரண்டு மூன்று நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள்.

இந்தக் கவலையெல்லாம் எல்லாச் சருமப் பொருளுக்கும் வேண்டாம். நியாசினமைடு சீரம், கிளிசரின் மாய்ஸ்சரைசர், பெட்ரோலியம் ஜெல்லி போன்றவை காற்றிலும் வெப்பத்திலும் நிலையாக நிற்பவை. சதவீதத்தை லேபிளில் போட்டிருந்தால் மலிவானதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், வித்தியாசம் பெரும்பாலும் வாசனையிலும் தடவும் பதத்திலும்தான் இருக்கும். ரெட்டினால் அப்படியில்லை, அதுவும் வைட்டமின் சி போலவே காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் கெடும். சன்ஸ்கிரீன் இன்னொரு கதை, அங்கே ஒரே பட்டியல் இருந்தும் துகள்கள் எவ்வளவு சீராகப் பரவியிருக்கின்றன என்பதைப் பொறுத்து எஸ்பிஎஃப் மாறிவிடும். அதை வீட்டில் சோதிக்க வழியே இல்லை, எனவே சன்ஸ்கிரீனில் மட்டும் பரிசோதித்து விற்கும் பெயர் தெரிந்த கம்பெனியையே வாங்குங்கள். வைட்டமின் சி போட்டாலும் காலையில் அதன் மேல் சன்ஸ்கிரீன் வேண்டும், பீச் ரோட்டில் காலை நடைக்குப் போகிறவர் என்றால் கட்டாயம் வேண்டும்.

சோதனை செய்து முடித்தால் மூன்று எண்களையும் எனக்கு எழுதுங்கள்: மாத்திரைக்கு எத்தனை மில்லி, சீரத்துக்கு எத்தனை மில்லி, பிஎச் தாளில் என்ன. பாட்டிலில் அச்சிட்டிருக்கும் தயாரித்த தேதியையும் சேர்த்து.